கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் 'நாரை', 'நத்தை' என்ற இரண்டு சொற்களைக் கொடுத்து, இரண்டுக்கும் என்ன உறவு என்று காட்டச் சொன்னால், நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டுவாள். கோடு தவறில்லை. ஆனால் அந்தக் கோடு எதையும் சொல்லவும் இல்லை. நாரை நத்தையைத் தின்கிறதா, நத்தை நாரையின் காலில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறதா, இரண்டும் ஒரே வயலில் இருக்கின்றன என்பதோடு சரியா? மூன்றுக்கும் அதே கோடுதான். கோட்டின் மேல் 'உண்கிறது' என்று எழுதி, நத்தையின் பக்கம் அம்புமுனை வைத்த பிறகுதான் அது ஒரு வாக்கியமாகிறது. வாக்கியமான பிறகுதான் அது சரியா, தவறா, அரைகுறையா என்று பார்க்க முடியும்.

கருத்து வரைபடம் என்ற கற்பித்தல் முறையின் உயிர்நாடி இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் இருக்கிறது. கட்டத்துக்குள் ஒரு கருத்து, இன்னொரு கட்டத்துக்குள் இன்னொரு கருத்து, இரண்டையும் சேர்க்கும் அம்பின் மேல் ஓர் இணைப்புச் சொல். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழுக் கூற்று கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது வரைபடத்தில் இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதற்கு நெருங்கிய உறவான ஒன்று நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வி முறை நடைமுறையில் இருந்தபோது, பாடத்தைப் படித்து முடித்ததும் மாணவர்கள் 'மன வரைபடம்' போடுவது ஒரு கட்டாயப் படி. நடுவில் தலைப்பு, அதிலிருந்து நான்கு பக்கமும் கிளைகள், கிளைகளின் நுனியில் சொற்கள். பாடத்தில் என்னென்ன வந்தன என்று நினைவுபடுத்திக்கொள்ள அது போதும். எது எதை என்ன செய்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை, ஏனென்றால் அதன் கிளைகள் பேசுவதில்லை. ஒரு சூழல் மண்டலத்தைப் பற்றிய பாடத்திலோ, எது எதை என்ன செய்கிறது என்பதுதான் பாடமே.

நேர்காணல் தாள்களில் பிறந்த முறை

இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் நோவாக். பாடம் நடத்த ஒரு கருவி வேண்டும் என்று தேடி அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியல் கற்ற குழந்தைகளின் புரிதல், அவர்கள் வளர வளர எப்படி மாறுகிறது என்று அவரது குழு பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அதற்காகக் குழந்தைகளை நேர்காணல் செய்து, பேசியதையெல்லாம் எழுதி வைத்தார்கள். தாள்கள் குவிந்தன. அவற்றைப் படித்துவிட்டு, 'இந்தப் பிள்ளைக்குப் போன வருஷம் தெரியாதது எது, இந்த வருஷம் தெரிந்தது எது' என்று சொல்வது பெரும்பாடாக இருந்தது. பேச்சிலிருந்து கருத்துகளைத் தனியே எடுத்து, அவற்றைக் குழந்தை எந்தச் சொல்லால் இணைத்தது என்று படமாகப் போட்டுப் பார்த்தால் என்ன என்ற யோசனை 1972இல் வந்தது. நீண்ட நேர்காணல் ஒரே பக்கத்தில் அடங்கியது. மாற்றமும் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப் பின்னால் டேவிட் ஆசுபெல் என்ற உளவியலாளரின் கருத்து இருந்தது. மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் புதிதாகக் கற்பதைத் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அங்கிருந்து கற்றுக்கொடுங்கள் என்பது அவர் வாதம். வரைபடம் ஆய்வாளர்களுக்கு அந்த 'ஏற்கெனவே தெரிந்ததை'க் காட்டிக் கொடுத்தது. பிறகுதான், இதை மாணவர்களே வரைந்தால் என்ன என்று வகுப்பறைக்குள் வந்தது.

இந்தப் பிறப்புக் கதையை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு குழப்பம் தீரும். கருத்து வரைபடம் சுவரில் மாட்டுவதற்கான அழகான படம் அல்ல. ஒரு பிள்ளையின் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் பார்க்கும் வழி அது. அதில் பிழை இருப்பது நல்லது. பிழை தெரிவதற்காகத்தான் அதை வரைகிறோம்.

ஓர் ஏரி, ஒரு கேள்வி

'சூழல் மண்டலம்' என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் பாடநூலில் உள்ள உணவுச் சங்கிலியைத் திரும்ப வரைவார்கள்: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. வரைபடத்துக்குத் தலைப்பு போதாது, ஒரு கேள்வி வேண்டும். கேள்வி இருந்தால்தான் எந்தக் கருத்து வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்க முடியும்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா எனப் பல பறவைகள் வந்து கூடு கட்டும். இங்குள்ள மக்கள் இந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். சுட வந்தவர்களை எதிர்த்து அவர்கள் முறையிட்டதன் பேரில், அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அந்த உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று பத்திரிகைகளில் வருவதும் இந்த ஊர்தான். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

மக்கள் பறவைகளைக் காப்பதற்கு அன்பு மட்டும் காரணமில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்குள்ள உழவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த செய்தி. நம் பாடத்துக்கான கேள்வி அங்கேயே கிடைத்துவிடுகிறது: 'பறவைகள் கூடு கட்டும் ஏரியின் தண்ணீர் நெல்லுக்கு எப்படி உரமாகிறது?'

நல்ல கேள்வி இது. ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். சொல்லத் தொடங்கினால் நடுவில் ஐந்தாறு படிகள் இருப்பது தெரியும்.

பன்னிரண்டு சீட்டுகள்

இந்தப் பாடத்துக்கு நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகள் இரண்டு வேண்டும். சூழல் மண்டலப் பாடத்தை நடத்தி முடித்து ஓரிரு நாள் கழித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பெரிய தாள், பென்சில், அழிப்பான், பன்னிரண்டு துண்டுச் சீட்டுகள். சீட்டுகளில் இருக்கும் சொற்கள்: சூரிய ஒளி, ஏரி நீர், நீர்க்கடம்பு, பாசி, மீன், நத்தை, நத்தைகுத்தி நாரை, எச்சம், பாக்டீரியா, தழைச்சத்து, நெல், உழவர். இவற்றோடு எழுதப்படாத இரண்டு வெற்றுச் சீட்டுகள். அவை எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டாம். 'தேவைப்பட்டால் பயன்படுத்துங்கள்' என்றால் போதும்.

சீட்டாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தாளில் நேராக எழுதிய சொல்லை நகர்த்த முடியாது. நகர்த்த முடியாததால் பிள்ளைகள் முதலில் போட்ட அமைப்பையே கட்டி அழுவார்கள். சீட்டைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். எங்கே வைப்பது என்று தெரியாத சீட்டை ஓரமாக ஒதுக்கி வைக்கலாம். அப்படி ஒதுங்கிக் கிடக்கும் சீட்டு எது என்று ஆசிரியர் ஒரு சுற்று நடந்து பார்த்தாலே வகுப்புக்கு எது பிடிபடவில்லை என்று தெரிந்துவிடும். இந்தப் பன்னிரண்டில் பாக்டீரியாதான் பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கும்.

முதல் இருபது நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக வரைய வேண்டும். பாடநூல் பைக்குள் இருக்க வேண்டும். சீட்டுகள் ஓரளவு அமைந்ததும் அம்பு போட்டு, அம்பின் மேல் இணைப்புச் சொல் எழுத வேண்டும். இங்கே தமிழ் வகுப்பறைக்கு என்று ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் வருவதால் கட்டம், அம்பு, கட்டம் என்ற வரிசையிலேயே வாக்கியம் படிக்கக் கிடைக்கும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆகவே முதல் கட்டம், இரண்டாம் கட்டம், பிறகு அம்பின் மேல் உள்ள சொல் என்ற வரிசையில் படிக்கப் பழக்க வேண்டும். வேற்றுமை உருபையும் அம்பிலேயே எழுதிவிடலாம். 'நாரை' என்ற கட்டத்திலிருந்து 'நத்தை' என்ற கட்டத்துக்குப் போகும் அம்பில் '-ஐ உண்கிறது' என்று இருந்தால், 'நாரை நத்தையை உண்கிறது' என்று படித்துவிடுவார்கள். கரும்பலகையில் இரண்டு எடுத்துக்காட்டுப் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். அந்த எடுத்துக்காட்டுகள் ஏரியைப் பற்றியதாக இல்லாமல் பேருந்து, ஓட்டுநர், டீசல் என்று வேறொன்றாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் அதையே பார்த்து எழுதுவார்கள்.

அம்பின் திசை பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூலின் உணவுச் சங்கிலியில் அம்பு நத்தையிலிருந்து நாரைக்குப் போகும். ஆற்றல் போகும் திசை அது. கருத்து வரைபடத்தில் அம்பு படிக்கும் திசையைத்தான் காட்டுகிறது. நாரையிலிருந்து நத்தைக்கு அம்பு போட்டு 'உண்கிறது' என்று எழுதினாலும் சரி, நத்தையிலிருந்து நாரைக்குப் போட்டு 'உணவாகிறது' என்று எழுதினாலும் சரி. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், சரியாகச் சிந்தித்த பிள்ளையும் அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டோமோ என்று குழம்பும்.

'தொடர்புடையது', 'சம்பந்தம் உள்ளது', 'தேவை' ஆகிய மூன்று சொற்களுக்கும் அன்று தடை போட்டுவிட வேண்டும். இம்மூன்றும் எந்த இரண்டு கட்டத்துக்கு நடுவிலும் பொருந்திவிடும். எங்கும் பொருந்தும் சொல் எதையும் சொல்வதில்லை.

பக்கத்து இருக்கைக்கு விளக்குவது

இனி வருவதுதான் பாடத்தின் மையம். இருவர் இருவராகச் சேர வேண்டும். முதலில் ஒருவர் தன் வரைபடத்தை மற்றவருக்கு விளக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம் கழித்து முறை மாறும். விளக்குபவர் ஒவ்வொரு அம்பின் மேலும் விரலை வைத்து அதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கும் வேலை உண்டு. 'எப்படி?' என்றும், 'அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்றும் அவர் கேட்க வேண்டும். குறைந்தது மூன்று அம்புகளிலாவது கேட்டே ஆக வேண்டும். இந்த நேரத்தில் யாரும் எதையும் அழிக்கக் கூடாது. மாற்ற வேண்டியது தெரிந்தால் சிவப்புப் பேனாவில் எழுத வேண்டும்.

ஒரு மாணவி 'எச்சம்' என்ற கட்டத்திலிருந்து 'நெல்' என்ற கட்டத்துக்கு நேராக அம்பு போட்டு 'உரமாகிறது' என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிழை என்று சொல்ல முடியாத கூற்று. விளக்கத் தொடங்கினால் பேச்சு இப்படிப் போகும்:

"எச்சம் நெல்லுக்கு உரமாகுது."

"எப்படி? பறவை மரத்துமேல இருக்கு. எச்சம் மரத்துக்குக் கீழ தண்ணியில விழும். நெல்லு வயல்ல இல்ல இருக்கு?"

"தண்ணி வயலுக்குப் போகும்டி."

"தானா போகுமா?"

"மதகு தொறந்து விடுவாங்க. வாய்க்கால்ல போகும்."

"அது உன் படத்துல எங்க?"

ஒரு வெற்றுச் சீட்டு 'மதகு' ஆகிறது. அது ஏரி நீருக்கும் நெல்லுக்கும் நடுவில் வருகிறது. உழவர் என்ற கட்டம் இதுவரை ஓரமாகக் கிடந்திருந்தால், 'உழவர் மதகைத் திறக்கிறார்' என்று அதுவும் உள்ளே வருகிறது. கேட்பவள் விடுவதில்லை:

"சரி, எச்சத்த நெல்லு அப்படியே சாப்பிடுமா?"

"வேரு உறிஞ்சும்."

"எச்சத்தையா?"

இங்கே விளக்குபவள் நின்றுவிடுவாள். இந்த நிறுத்தம்தான் ஆசிரியர் காத்திருந்த இடம். எச்சத்தில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது. பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். பயிர் அதை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்வது பெரிதாக நடப்பதில்லை. நீரிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாகவும், காற்றுப்படும் இடங்களில் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உழவர்கள் தழைச்சத்து என்று சொல்வது வேருக்குள் போகிற அந்த வடிவத்தைத்தான். ஆகவே 'எச்சம் – நெல்' என்ற ஓர் அம்பு, 'பாக்டீரியா எச்சத்தைச் சிதைக்கிறது', 'பாக்டீரியா தழைச்சத்தை வெளிவிடுகிறது', 'நெல் தழைச்சத்தை உறிஞ்சுகிறது' என்று மூன்று அம்புகளாகப் பிரிகிறது. ஓரமாகக் கிடந்த பாக்டீரியாச் சீட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது.

தாளில் எழுதும்போது தெரியாத இந்த இடைவெளி பேசும்போது ஏன் தெரிகிறது? எழுதும்போது நமக்கு நாமே வாசகர். விட்டுப்போன படியை மனம் தானாக நிரப்பிக்கொண்டு போய்விடும். எதிரில் ஒருவர் இருக்கும்போது அவருக்கு அந்தப் படி தெரியாது, அதனால் கேட்கிறார். கேட்பவர் அறிவாளியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த உரையாடலில் கேட்டவளுக்கு யூரிக் அமிலம் தெரியாது. 'அப்படியேவா?' என்று கேட்கத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சுற்றி வருவது எது?

இரண்டாம் பாடவேளையில் வரைபடத்தைத் திருத்தி வரைய வேண்டும். இப்போது ஆசிரியர் கவனிக்க வேண்டியது குறுக்கு இணைப்புகளை. வரைபடத்தின் ஒரு பகுதியில் உள்ள கருத்தை, தூரத்தில் வேறொரு பகுதியில் உள்ள கருத்தோடு சேர்க்கும் அம்புக்கு அந்தப் பெயர். பெரும்பாலான வரைபடங்களில் 'பாசி, மீன், பறவை' ஒரு மூலையிலும், 'மதகு, வயல், நெல்' இன்னொரு மூலையிலும் இருக்கும். இரண்டும் எச்சத்தின் வழியாக ஒரு திசையில் மட்டும் சேர்ந்திருக்கும்.

ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'நத்தைகுத்தி நாரை நத்தையை எங்கே போய்ப் பிடிக்கிறது?' பெரும்பாலான பிள்ளைகள் ஏரியில் என்றுதான் வரைந்திருப்பார்கள். 30 ஹெக்டேர் ஏரி, ஆயிரக்கணக்கில் கூடும் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் எப்படிச் சோறு போடும்? அவை காலையில் கிளம்பிச் சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் தண்ணீர் நிற்கும் நெல் வயல்களுக்கும் போகின்றன. அங்கே இரை பிடித்துக்கொண்டு, குஞ்சுகளுக்காக வேடந்தாங்கலுக்குத் திரும்புகின்றன. தின்றது வெளியூர் வயலில். எச்சம் விழுவது இந்த ஏரியில்.

இது தெரிந்ததும் 'நெல் வயல்' என்று இரண்டாவது வெற்றுச் சீட்டு நிரம்பும். 'நெல் வயலில் நத்தை வாழ்கிறது' என்ற ஒரே ஒரு குறுக்கு அம்பு வந்ததும் வரைபடத்தின் முகமே மாறிவிடும். வயலில் உள்ள தழைச்சத்து நத்தைக்குள் போகிறது, நத்தையிலிருந்து நாரைக்கு, நாரையிலிருந்து எச்சமாக ஏரிக்கு, பாக்டீரியாவின் வழியாக நீரில் கரைந்து, மதகு வழியாக மறுபடி வயலுக்கு. பல ஊர் வயல்களில் சிதறிக் கிடந்த சத்தைப் பறவைகள் ஓர் ஏரியில் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஏரி தனக்குள் இருப்பதையே திருப்பித் திருப்பிக் கொடுத்திருந்தால் அதன் தண்ணீர் இப்படி வளமாகியிருக்காது. வேடந்தாங்கல் மதகின் கீழ் உள்ள வயல்களுக்குக் கிடைக்கும் உரம், வெளியிலிருந்து இறக்கை கட்டி வந்த உரம்.

வட்டம் முடிந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் செய்யும் அடுத்த தவறு, எல்லாவற்றையும் வட்டமாக்குவது. 'பாக்டீரியா நெல்லுக்கு ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது' என்று சிலர் எழுதுவார்கள். சூழலியல் பாடத்தில் நன்றாகப் படிக்கும் மாணவரிடமும் விடாமல் இருக்கும் பிழை இது. சத்து சுற்றி வரும். ஆற்றல் சுற்றி வராது. ஆற்றல் சூரிய ஒளியாக உள்ளே வருகிறது, ஒவ்வொரு உயிரிலும் பெரும்பங்கு வெப்பமாக வெளியேறிவிடுகிறது. இதே காரணத்தால் 'சூரிய ஒளி பாசிக்கு உணவு கொடுக்கிறது' என்ற கூற்றும் நிற்காது. பாசி உணவைத் தானே தயாரிக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல்தான் ஒளியிலிருந்து வருகிறது. இரண்டு நிறப் பேனாக்களைக் கொடுத்து, பொருள் நகரும் அம்புகளைப் பச்சையிலும் ஆற்றல் நகரும் அம்புகளைச் சிவப்பிலும் மீண்டும் எழுதச் சொன்னால், சிவப்பு எங்கும் சூரியனுக்குத் திரும்பிப் போவதில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

எங்கே கெட்டுப்போகும்?

ஜோடியாகப் பேசவிட்டால் கற்றல் தானாக நடந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அது பொய்யாகும் விதங்கள் சில உண்டு. அவற்றைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்.

முதலாவது, தலையாட்டும் கூட்டாளி. ஒருவர் படபடவென்று சொல்லி முடிக்கிறார், மற்றவர் 'சரி, சரி' என்கிறார், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஜோடியின் தாள்களில் சிவப்பு எழுத்தே இருக்காது. இதைத் தவிர்க்க ஒரு வழி: விளக்கம் முடிந்ததும் கேட்டவர், வரைபடத்தைப் பார்க்காமல், தான் புரிந்துகொண்ட மூன்று வாக்கியங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கேட்கும் விதமே மாறிவிடும்.

இரண்டாவது, இருவரும் ஒரே தவறில் கைகுலுக்கிக்கொள்வது. 'மீன் எச்சத்தைச் சாப்பிட்டு வளர்கிறது. பாசிக்கும் எச்சத்துக்கும் தொடர்பில்லை' என்று இருவருமே நம்பினால் பேச்சு இனிமையாக நடக்கும், தவறு இன்னும் உறுதியாகும். இது இந்த முறையின் உண்மையான வரம்பு. நாற்பது பேர் வகுப்பில் இருபது ஜோடிகள். ஆசிரியர் நின்று கேட்கக் கூடியது ஐந்தாறு ஜோடிகளைத்தான். ஆகவே முதல் பாடவேளை முடிந்ததும் தாள்களை வாங்கிப் பார்த்து, பலரிடம் ஒரேபோல் இருக்கும் தவறான கூற்றுகள் இரண்டை எடுத்து, மறுநாள் கரும்பலகையில் பெயர் சொல்லாமல் எழுதி, வகுப்பையே விவாதிக்கவிடுவது அவசியம். எச்சத்தின் சத்து பாசியை வளர்க்கும், சத்து அளவு மீறினால் பாசி பெருகி மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும் என்பதுபோன்ற செய்திகள் பிள்ளைகளின் பேச்சிலிருந்து தானாக ஊறி வராது. அதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நட்சத்திர வடிவம். 'ஏரி நீர்' நடுவில், மற்ற பதினொன்றும் அதைச் சுற்றி. ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து ஓர் அம்பு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இது மன வரைபடப் பழக்கம். இப்படி வரைந்தவரிடம் 'ஏரி நீர்' சீட்டைச் சற்று நேரம் எடுத்து வைத்துவிட்டு, மீதியை இணைக்கச் சொன்னால் போதும். அவருக்கு உறவுகள் தெரியாததல்ல, நடுவில் ஒன்று கிடைத்ததால் தேடவில்லை என்பது பல நேரம் தெரியவரும்.

மதிப்பெண்ணும் மூடிய புத்தகமும்

நோவாக்கும் பாப் கோவினும் 1984இல் வெளியிட்ட நூலில் வரைபடத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றைத் தந்தார்கள். சரியான கூற்று ஒவ்வொன்றுக்கும் 1, மேலிருந்து கீழாக அமையும் படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, பொருளுள்ள குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. குறுக்கு இணைப்புக்கு அவர்கள் எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. 'நெல் வயலில் நத்தை வாழ்கிறது' என்ற அம்பு ஏன் பத்து சாதாரண அம்புகளுக்குச் சமம் என்று நாம் பார்த்தோம். ஆனால் படிநிலைக்கான மதிப்பெண்ணை ஏரிப் பாடத்தில் அப்படியே பயன்படுத்த முடியாது. விலங்குகளை வகைப்படுத்தும் பாடத்துக்குப் பொதுவானது மேலே, குறிப்பானது கீழே என்ற அமைப்புப் பொருந்தும். சுற்றி வரும் உறவுகளில் மேல் எது, கீழ் எது? இங்கே ஆசிரியர் தானே ஒரு வரைபடம் வரைந்து, கட்டாயம் இருக்க வேண்டிய ஆறு கூற்றுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அவை மாணவரின் தாளில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே நேர்மையான அளவு. சிவப்பில் திருத்தியதற்கு மதிப்பெண் குறைக்கவே கூடாது. குறைத்தால் அடுத்த முறை யாரும் சிவப்பில் எழுத மாட்டார்கள்.

வரையும்போது பாடநூல் பைக்குள் இருக்க வேண்டும் என்று முன்பே சொன்னதற்கு ஆய்வுப் பின்னணி உண்டு. 2011இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஜெனல் பிளன்ட்டும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் அறிவியல் பகுதி ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்ததை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதினார்கள், மறுபடி படித்தார்கள், மறுபடி எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். உறவுகளை ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் அவர்கள்தான் முன்னிலை. கருத்து வரைபடத்தை நம்பியவர்களுக்கு அது அதிர்ச்சியான செய்தி.

ஆனால் அதே இருவரும் பின்னர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து வரைந்த கருத்து வரைபடம், நினைவிலிருந்து பத்தியாக எழுதுவதற்கு ஈடாகப் பயன் தந்தது. ஆகவே குறை வரைபடத்தில் இல்லை. புத்தகம் திறந்திருந்தால் வரைவது படியெடுக்கும் வேலையாகிவிடுகிறது. மூடியிருந்தால் ஒவ்வொரு அம்புக்கும் மனத்தைத் துழாவ வேண்டியிருக்கிறது. கூட்டாளிக்கு விளக்குவதும் அதே துழாவலைத்தான் இரண்டாம் முறை செய்ய வைக்கிறது. விளக்கம் முடிந்த பிறகு, சிவப்பில் கேள்விக்குறி விழுந்த இடங்களைச் சரிபார்க்க மட்டும் பாடநூலைத் திறக்கலாம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து திறக்கும் புத்தகம் அப்போது வேறு விதமாகப் படிக்கப்படும்.

பாடம் பலித்ததா என்று அறிய ஒரு வாரம் கழித்து, வரைபடங்களைக் கொடுக்காமல், வரைபடத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு கேள்வியைக் கேட்கலாம்: 'பருவமழை பொய்த்த ஆண்டில் வேடந்தாங்கலில் பறவைகள் ஏன் அதிகம் கூடு கட்டுவதில்லை?' 'ஏரியில் தண்ணீர் இல்லை, அதனால் மீன் இல்லை' என்று மட்டும் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சங்கிலி தெரிகிறது என்று பொருள். 'சுற்று வயல்களும் காய்ந்திருக்கும், நத்தை கிடைக்காது. மரத்தைச் சுற்றி நீர் இல்லாததால் பூனையும் மற்ற விலங்குகளும் கூட்டுக்கு ஏறிவிடும்' என்று எழுதினால், அந்தப் பிள்ளை இரண்டு வேறு அம்புகளின் வழியே நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறது. அப்படி எழுதியவர்கள் வகுப்பில் பாதிப் பேருக்கும் குறைவு என்றால், அடுத்த பாடத்துக்குப் போகாமல் 'நீர்க்கடம்பு' சீட்டை மீண்டும் கையில் கொடுத்து, தண்ணீருக்குள் நிற்கும் மரம் கூட்டுக்கு என்ன செய்கிறது என்று ஒரே ஓர் அம்பை மட்டும் போடச் சொல்லிவிட்டு, அதைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.